சேவிங்ஸ் பிளானா, ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸா: நாளைய பயன்பாடு தெரியாதபோது எவ்வளவுக்குக் கமிட் செய்வது?

ஏடபிள்யூஎஸ் பில்லைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் பொறுப்பு வந்திருக்கிறது. Cost Explorer-ஐத் திறந்தால் "இந்தத் தொகைக்கு சேவிங்ஸ் பிளான் வாங்குங்கள், இவ்வளவு மிச்சம்" என்று ஒரு பரிந்துரை நிற்கிறது. அதை அப்படியே வாங்கிவிடலாமா? ஆறு மாதம் கழித்து சர்வர்கள் பாதியாகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கானது. எந்தத் திட்டம் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எவ்வளவு என்பதில்தான் பணம் போகிறது, அல்லது மிஞ்சுகிறது.

எதை வாங்குவது

ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ், சுருக்கமாக ஆர்ஐ, என்பது குறிப்பிட்ட வகை சர்வரை ஓராண்டோ மூன்றாண்டோ எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விலைக்குறைப்புப் பெறுவது. 2019 நவம்பரில் வந்த சேவிங்ஸ் பிளானில் சர்வரைப் பற்றிய பேச்சே இல்லை. "ஒவ்வொரு மணி நேரமும் இத்தனை டாலர் தருகிறேன்" என்று ஒப்புக்கொள்கிறீர்கள். காலம் இதிலும் ஓராண்டு அல்லது மூன்றாண்டுதான்.

சர்வர்களுக்கு இரண்டு வகைப் பிளான்கள் உண்டு. கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் எந்த இன்ஸ்டன்ஸ் குடும்பத்துக்கும், எந்த ரீஜனுக்கும் பொருந்தும். ஃபார்கேட், லாம்டா செலவுக்கும் செல்லும். ஈசி2 இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளான் ஒரு ரீஜனில் ஒரு குடும்பத்தோடு கட்டுப்பட்டது, உதாரணமாக மும்பையில் m5. கட்டுப்பாடு கூடுவதால் தள்ளுபடியும் கூடும்: ஏடபிள்யூஎஸ் சொல்லும் உச்சம் இதற்கு 72%, கம்ப்யூட் பிளானுக்கு 66%. இரண்டுமே மூன்றாண்டுக்கான, மிகச் சாதகமான இன்ஸ்டன்ஸுக்கான எண்கள். ஓராண்டு, முன்பணம் இல்லாமல் என்று போனால் நடைமுறையில் கிடைப்பது இதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

பயன்பாடு எப்படிப் போகும் என்று தெரியாதவர்களுக்கு ஈசி2 செலவில் கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான்தான் சரி. நிச்சயமின்மை என்பது சர்வர் எண்ணிக்கை கூடுமா குறையுமா என்பது மட்டுமல்ல. குடும்பம் மாறலாம், கன்டெய்னருக்குப் போகலாம், ரீஜன் மாறலாம். கம்ப்யூட் பிளான் இந்த மூன்று மாற்றத்தையும் தாங்கும். மிச்சமிருப்பது தொகை குறையும் ஆபத்து ஒன்றுதான்.

ஆர்ஐக்கு இன்னும் இடம் இருப்பது முக்கியமாக டேட்டாபேஸில். ஆர்டிஎஸ் போன்றவற்றைக் கம்ப்யூட் பிளான் தொடாது. ஆர்டிஎஸ் ஆர்ஐ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது எஞ்சினோடும் குடும்பத்தோடும் ரீஜனோடும் ஒட்டியது. db.r5-க்கு ஓராண்டுக்கு வாங்கிவிட்டு நான்காம் மாதம் db.r6g-க்கு மாறினால், மீதி எட்டு மாதமும் பயனில்லாமல் கட்டணம் ஓடும். அதை மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது. இந்தக் குறைக்காகவே 2025 டிசம்பரில் டேட்டாபேஸ் சேவிங்ஸ் பிளான் வந்தது. ஓராண்டு மட்டும், முன்பணம் இல்லை. ஆனால் பழைய தலைமுறை இன்ஸ்டன்ஸ்களுக்கு அது செல்லாது. எஞ்சின் மாற்றமோ குடும்ப மாற்றமோ திட்டத்தில் இருந்தால் ஆர்ஐக்கு முன் அதைப் பாருங்கள்.

ஈசி2-க்கான ஸ்டாண்டர்டு ஆர்ஐயை ஏடபிள்யூஎஸ்ஸின் மார்க்கெட்பிளேஸில் விற்கலாம் என்பது உண்மை. விற்க அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும், 12% கட்டணம் போகும், வாங்க ஆளும் வர வேண்டும். இதை நம்பி அளவைக் கூட்ட வேண்டாம்.

கமிட்மென்ட் என்ற எண்ணின் பொருள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். "மணிக்கு $10" என்று கமிட் செய்தால் அது தள்ளுபடிக்குப் பிந்தைய விலையில் $10. ஆன்-டிமாண்ட், அதாவது எந்தக் கமிட்மென்ட்டும் இல்லாத சாதாரண விலையில் $10 ஆகும் சர்வர்களுக்கு $10 கமிட்மென்ட் தேவையில்லை. தள்ளுபடி 28% என்றால் அதே சர்வர்களின் பிளான் விலை $7.20. அதுதான் நீங்கள் உள்ளிட வேண்டிய எண். ஆன்-டிமாண்ட் எண்ணை அப்படியே போட்டால், தேவையைவிட 39% அதிகமாக வாங்கியிருப்பீர்கள்.

இரண்டாவது, கணக்கு மணிக்கு மணி தீர்க்கப்படுகிறது. இரவு 2 மணிக்கு மிஞ்சிய கமிட்மென்ட் காலை 10 மணிக்கு வராது. அந்த மணி நேரத்தில் பயன்படாதது போனது போனதுதான். அதனால் மாதச் செலவின் சராசரியை 730-ஆல் வகுத்து வரும் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பகலில் ஏறி இரவில் இறங்கும் எந்தச் சேவைக்கும் அந்தச் சராசரி தவறான பதிலையே தரும்.

மூன்றாவது, முன்பணம் இல்லாத திட்டம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று பொருளல்ல. பணம் மாதாமாதம் போகும், அவ்வளவுதான். கடமை கடைசி நாள் வரை இருக்கிறது.

எந்த அளவு வரை லாபம்: ஒரு கணக்கு

தள்ளுபடி 28% என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் உண்மையான எண் வேறாக இருக்கும். சேவிங்ஸ் பிளான் விலைப் பக்கத்தில் உங்கள் இன்ஸ்டன்ஸ் வகையையும் ரீஜனையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்-டிமாண்டில் $1 ஆகும் பயன்பாட்டுக்குக் கமிட் செய்தால், பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் மணிக்கு $0.72 போகும். கமிட் செய்யாவிட்டால் பயன்படுத்தும் மணிகளுக்கு மட்டும் $1. ஆக, அந்த ஒரு டாலர் பயன்பாடு மொத்த மணிகளில் 72 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கமிட்மென்ட் லாபம், குறைந்தால் நட்டம். இந்த எல்லை எப்போதும் நூறிலிருந்து தள்ளுபடியைக் கழித்தால் வருவதுதான்.

இதை ஒரு நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேவையின் ஆன்-டிமாண்ட் மதிப்பு இரவில் 8 மணி நேரம் மணிக்கு $10, பகலில் 10 மணி நேரம் $14, உச்ச வேளையான 6 மணி நேரம் $20. எல்லாம் ஆன்-டிமாண்டில் ஓடினால் நாளுக்கு $340.

முதல் பத்து டாலர் எல்லா மணியிலும் தேவைப்படுகிறது, சந்தேகமில்லாமல் அதற்குக் கமிட் செய்யலாம். அதற்கு $7.20 கமிட்மென்ட். நாளுக்கு $172.80 அதற்குப் போகும், மிச்சப் பயன்பாடு ஆன்-டிமாண்டில் $100, மொத்தம் $272.80. நாளுக்கு $67.20 மிச்சம்.

அடுத்த நான்கு டாலர், அதாவது 10-இலிருந்து 14 வரை, 24 மணியில் 16 மணி தேவைப்படுகிறது. இது 67%. எல்லை 72%. பார்வைக்கு "பெரும்பாலான நேரம் ஓடுகிறதே" என்று தோன்றும். ஆனால் அதற்கும் சேர்த்து $10.08 கமிட் செய்தால் நாள் செலவு $277.92 ஆகிவிடும். கூடுதலாகக் கமிட் செய்து, நாளுக்கு $5.12 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். இங்கே $7.20-இல் நிறுத்துவதே சரி.

இதை உங்கள் கணக்கில் கண்டுபிடிக்க மணிவாரித் தரவு வேண்டும். Cost Explorer-இல் மணிவாரிப் பார்வையைத் தனியாக இயக்க வேண்டும், அதுவும் கடந்த 14 நாளுக்கு மட்டுமே. காஸ்ட் அண்ட் யூசேஜ் ரிப்போர்ட் ஏற்கெனவே மணிவாரியாக எஸ்3-இல் விழுந்துகொண்டிருந்தால் அதீனாவில் இப்படிக் கேட்கலாம். `cur` என்பதற்குப் பதில் உங்கள் டேபிள் பெயர், கூடவே இரண்டு மாதத்துக்கான தேதி வரம்பு:

```sql
WITH h AS (
  SELECT line_item_usage_start_date AS hr,
         SUM(pricing_public_on_demand_cost) AS od
  FROM cur
  WHERE line_item_product_code = 'AmazonEC2'
    AND line_item_usage_type LIKE '%BoxUsage%'
    AND line_item_line_item_type IN
        ('Usage', 'SavingsPlanCoveredUsage')
  GROUP BY 1
)
SELECT approx_percentile(od, 0.28) FROM h;
```

கடைசி வரியிலுள்ள 0.28 உங்கள் தள்ளுபடி. 72% மணிகளில் பயன்பாடு எந்த அளவுக்கு மேல் இருக்கிறதோ அந்த அளவை இது தரும். மேலே சொன்ன சேவைக்கு 10 என்று வரும். அதை 0.72-ஆல் பெருக்கினால் கமிட்மென்ட். ஏற்கெனவே ஓடும் சேவிங்ஸ் பிளான் இருந்தால் அதன் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆர்ஐயால் மூடப்பட்ட மணிகளையும் ஸ்பாட் பயன்பாட்டையும் இந்த SQL வேண்டுமென்றே சேர்க்கவில்லை: ஆர்ஐ எப்போதும் சேவிங்ஸ் பிளானுக்கு முன்பே கழிக்கப்படும், ஸ்பாட்டுக்குச் சேவிங்ஸ் பிளான் செல்லாது. ஃபார்கேட்டும் லாம்டாவும் வேறு பெயர்களில் பதிவாகும், அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

லாம்டா பற்றி ஒரு எச்சரிக்கை. பிளான் எப்போதும் தள்ளுபடி அதிகமுள்ள பயன்பாட்டில் தொடங்கிக் கீழே இறங்கும். லாம்டாவுக்குத் தள்ளுபடி அதிகபட்சமே 17%. நீங்கள் கூட்டும் கடைசி டாலர் லாம்டாவில் போய் விழுந்தால், அந்த டாலருக்கு எல்லை 72% அல்ல, 83%. செலவில் லாம்டா பெரிய பங்கு வகித்தால் சராசரித் தள்ளுபடியை நம்பி மேலே ஏறாதீர்கள்.

கடந்த காலத்திலிருந்து வருங்காலத்துக்கு

இதுவரை போட்ட கணக்கு, போன இரண்டு மாதம் அப்படியே இன்னும் பன்னிரண்டு மாதம் நீளும் என்று நம்புகிறது. Cost Explorer பரிந்துரையும் அதைத்தான் செய்கிறது. 7, 30, 60 நாள் தரவில் எந்த எண் அதிகம் மிச்சப்படுத்தியிருக்குமோ அதைச் சொல்கிறது. அடுத்த மாதம் எந்த சர்வரை அணைக்கப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பரிந்துரையைக் கட்டளையாகக் கொள்ளாமல் மேல் வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்ப்பதற்கு, அடித்தளமாக வந்த $10-ஐத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆயுளையும் அந்தந்த டீமிடம் கேளுங்கள். மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: $6 நிறுவனத்தின் முதன்மைத் தயாரிப்பு, நிற்க வாய்ப்பே இல்லை. $2 சர்வர்களை டீம் ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்தச் சிப்பான கிராவிட்டானுக்கு மாற்றப்போகிறது. இன்னொரு $2 ஒரே வாடிக்கையாளருக்காக ஓடுகிறது, ஒப்பந்தம் நான்கு மாதத்தில் முடிகிறது, புதுப்பிப்பதற்குப் பாதி வாய்ப்பு.

முதன்மைத் தயாரிப்பில் யோசிக்க ஒன்றுமில்லை. கிராவிட்டான் துண்டைக் கம்ப்யூட் பிளான் பின்தொடரும், ஆனால் அதே வேலைக்கான விலை குறையும். m5-இலிருந்து m6g போனால் சுமார் 20%. அதனால் $2 என்பது $1.60 ஆகச் சுருங்கும், கமிட்மென்ட்டை அதற்கே கணக்கிடுங்கள். மாறும் வரை மிச்ச 40 சென்ட் ஆன்-டிமாண்டில் ஓடட்டும்.

வாடிக்கையாளர் துண்டுதான் சோதனை. மாதத்தை 730 மணியாகக் கொள்வோம். ஓராண்டுப் பிளானில் எல்லை 72% என்றால் 12 மாதத்தில் 8.64 மாதம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் 12 மாதம், இல்லையென்றால் 4, சமவாய்ப்பில் எதிர்பார்ப்பு 8 மாதம். எல்லைக்குக் கீழே, ஆகவே இப்போது வேண்டாம். தொகையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இப்போதே கமிட் செய்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் ஆண்டுக்குச் சுமார் $4,900 லாபம். புதுப்பிக்கப்படாவிட்டால் சுமார் $6,770 நட்டம். காத்திருந்து, நான்கு மாதம் கழித்து நிலவரம் தெரிந்தபின் வாங்கினால் இழப்பது அந்த நான்கு மாதத் தள்ளுபடி மட்டும், சுமார் $1,635.

நிச்சயமில்லாத ஒவ்வொரு துண்டுக்கும் இதே மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்: சரியாக நடந்தால் லாபம், தவறினால் நட்டம், தெரியும்வரை காத்திருக்கும் செலவு. பிளானை நாளை கூட்டலாம், குறைக்க முடியாது. இந்தச் சமமின்மையால், விவரம் சீக்கிரம் தெரியப்போகிறது என்றால் காத்திருப்பது பெரும்பாலும் மலிவாகவே முடியும். எப்போது தெரியும் என்றே சொல்ல முடியாத துண்டுக்குத்தான் சராசரி மாதக் கணக்கு உதவும்.

நம் மாதிரியில் கமிட் செய்ய வேண்டியது ஆன்-டிமாண்டில் $7.60. அதை 0.72-ஆல் பெருக்கினால் $5.47. கீழ்நோக்கி முழுமையாக்கி $5.40 என்று வைக்கலாம். கடந்த காலத் தரவு மட்டும் சொன்ன $7.20-க்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் நிச்சயமின்மையின் விலை.

மூன்றாண்டுத் திட்டத்துக்கும் அதே கணக்கு. தள்ளுபடி 45% என்றால் 36 மாதத்தில் 19.8 மாதம் ஓடினாலே முதல் திரும்பிவிடும். காகிதத்தில் இது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மூன்றாண்டில் புதிய தலைமுறை இன்ஸ்டன்ஸ்கள் வரும், கட்டமைப்பு மாறும், சேவையே மாறலாம். ஓராண்டுக்காவது உங்கள் அடித்தளம் எப்படி நகர்ந்தது என்ற பதிவு கையில் இல்லாமல் மூன்றாண்டுக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். போனாலும் $6 போன்ற துண்டின் ஒரு பகுதிக்கு மட்டும்.

வாங்கும் வரிசை

முதலில் வீண் சர்வர்களை அணையுங்கள், பெரிதாக இருப்பவற்றைச் சிறிதாக்குங்கள். தலைகீழாகச் செய்தால், வீணுக்கும் சேர்த்துக் கமிட் செய்துவிட்டு, பிறகு அதைக் குறைத்தும் பில் இறங்காது.

அடுத்து பரிந்துரையை ஒப்பிட எடுத்துக்கொள்ளுங்கள்:

```
aws ce get-savings-plans-purchase-recommendation \
  --savings-plans-type COMPUTE_SP \
  --term-in-years ONE_YEAR \
  --payment-option NO_UPFRONT \
  --lookback-period-in-days SIXTY_DAYS
```

அது சொல்லும் மணிக் கமிட்மென்ட் உங்கள் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், எந்தத் துண்டால் அந்த வித்தியாசம் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஏதோ ஒரு செலவைக் கணக்கில் விட்டிருக்கிறீர்கள்; பெரும்பாலும் ஃபார்கேட், அல்லது வேறொரு அக்கவுன்ட்.

ஒப்புதல் கேட்கும்போது மணிக்கு $5.40 என்று மட்டும் எழுதாதீர்கள். ஆண்டுக்கு 8,760 மணி, ஆக $47,304 கடமை. நிதிப் பிரிவு பார்க்க வேண்டிய எண் இதுதான்.

பில்லிங் பக்கத்தில் Savings Plans, Purchase Savings Plans என்று போய், வகை, காலம், Hourly commitment, Payment option ஆகியவற்றைக் கொடுங்கள். Submit order-ஐ அழுத்தும் முன் உள்ளிட்டது மணித் தொகைதானா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நாள் தொகையை அங்கே தட்டினால் 24 மடங்கு வாங்கியிருப்பீர்கள்.

இரண்டு தவணையாக வாங்குங்கள். முதலில் $3.00, ஒரு மாதம் கழித்து $2.40. தாமதத்தால் இழக்கும் தள்ளுபடி சுமார் $680. அதற்கு ஈடாகக் கணக்கில் பிழை இருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். காலாவதித் தேதிகளும் பிரிந்துவிடும், அடுத்த ஆண்டு மொத்தத்தையும் ஒரே நாளில் முடிவுசெய்ய வேண்டியிருக்காது.

வாங்கும் தேதியையும் யோசியுங்கள். மணிக்கு $100 அல்லது அதற்குக் குறைந்த கமிட்மென்ட் உள்ள பிளானை, வாங்கிய 7 நாளுக்குள், அதே காலண்டர் மாதத்துக்குள் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். 30-ஆம் தேதி வாங்கினால் இந்த வசதி ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். மாதத்தின் முதல் வாரத்தில் வாங்கி, மூன்றாம் நாள் பயன்பாட்டு அறிக்கையைப் பாருங்கள். தரவு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம்.

வாங்கிய பிறகு

இரண்டு எண்கள் உங்களுக்குக் கிடைக்கும். Utilization என்பது வாங்கிய கமிட்மென்ட்டில் எவ்வளவு பயன்பட்டது என்பது. Coverage என்பது மொத்தப் பயன்பாட்டில் எவ்வளவு பிளானுக்குள் வந்தது என்பது. கவரேஜ் 100% ஆக வேண்டும் என்று இலக்கு வைப்பது தவறு. நம் மாதிரியில் கவரேஜ் பாதியை ஒட்டியே இருக்கும், ஆனாலும் அது சரியான கொள்முதல்தான். யூட்டிலைசேஷன் மணிவாரியாக 100%-ஐ ஒட்டி இருக்க வேண்டும். AWS Budgets-இல் அது 95%-க்குக் கீழே போனால் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள்.

குறைந்துவிட்டது என்றால் எப்போது குறைகிறது என்று பாருங்கள். இரவில் மட்டும், வார இறுதியில் மட்டும் என்றால், இரவில் சர்வர்களை அணைக்கும் ஏற்பாட்டை யாரோ புதிதாகப் போட்டிருப்பார்கள். எல்லா மணியிலும் சமமாகக் குறைந்தால் ஏதோ ஒரு சேவை நின்றிருக்கிறது, அல்லது ஸ்பாட்டுக்குப் போயிருக்கிறது. பல அக்கவுன்ட்கள் உள்ள நிறுவனத்தில் தள்ளுபடிப் பகிர்வு அணைந்திருப்பதும் ஒரு காரணம்: ஒரு அக்கவுன்ட்டில் பிளான் சும்மா கிடக்க, பக்கத்து அக்கவுன்ட் ஆன்-டிமாண்ட் கட்டிக்கொண்டிருக்கும். பில்லிங் அமைப்பில் அந்தப் பகிர்வை இயக்கினால் தீர்ந்தது.

கவரேஜ் தானாகவே ஒரே நாளில் விழுந்தால் ஒரு பிளான் காலாவதியாகியிருக்கும். அது தானாகப் புதுப்பிக்கப்படாது, சத்தமில்லாமல் ஆன்-டிமாண்டுக்குத் திரும்பிவிடும். காலாவதிக்கு 60, 30, 7 நாள் முன்பு எச்சரிக்கை வரும்படி Savings Plans பக்கத்திலேயே அமைக்கலாம். 60 நாள் எச்சரிக்கை வந்ததும் அதே தொகையைப் புதுப்பிக்காமல், மேலே உள்ள துண்டுக் கணக்கைப் புதிய தரவோடு மறுபடி போடுங்கள். வரும் எண்ணுக்கான கொள்முதலை, பழையது முடியும் நேரத்துக்கு அடுத்துத் தொடங்கும்படி முன்கூட்டியே வரிசையில் வைக்கலாம். அது தொடங்கும் நேரம் வரும் வரை வரிசையிலிருந்து நீக்கவும் முடியும்.